அரை மணி காட்டத் தெரியாத ஜிஎம்டி முள்: வாட்ச் நிறுவனத்துக்கு ஒரு புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: இரண்டாவது நேர மண்டலத்தை அரை மணி தவறாகக் காட்டும் வாட்ச்

ஐயா / அம்மையீர்,

டிசம்பரில் உங்கள் ஜிஎம்டி வாட்சை வாங்கினேன். அது ஓடுகிறது, நேரம் தவறவில்லை, கண்ணாடியில் கீறல் இல்லை, அதைப் பற்றியெல்லாம் எனக்குக் குறை கிடையாது. குறை, இன்னொரு ஊரின் நேரத்தை 24 மணிக் கணக்கில் காட்டும் அந்த நான்காவது முள்ளைப் பற்றித்தான். "உலகின் எந்த ஊர் நேரத்தையும் ஒரே பார்வையில்" என்று உங்கள் விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களே, அதை நம்பித்தான் வாங்கினேன்.

என் அக்கா லண்டனில் நர்ஸ். மதிய ஷிப்டில் அவளுக்கு 2 மணியிலிருந்து 2:30 வரை இடைவேளை, அந்த அரை மணிதான் அவளோடு பேசக் கிடைக்கும் நேரம். உங்கள் கையேட்டில் இருக்கிறபடியே பக்கத்தில் இருக்கும் திருகான கிரௌனை ஒரு படி வெளியே இழுத்து, 24 மணி முள்ளை ஒவ்வொரு மணியாகத் தாவ வைத்து, ஐந்து மணி பின்னால் நிறுத்தினேன். அப்போது லண்டன் இந்தியாவை விட ஐந்தரை மணி பின்னால், ஆனால் ஐந்தரை என்று வைக்க வழியே இல்லை, அதனால் ஐந்து. இதில் பெரிதாக என்ன ஆகிவிடப்போகிறது என்று அப்போது தோன்றியது.

ஆனது இதுதான். இங்கே இரவு 7 மணிக்கு நிமிட முள் 12-இல் நிற்கிறது, 24 மணி முள் 14-இல் துல்லியமாக நிற்கிறது. சந்தேகப்பட இடமே இல்லாத சுத்தமான இரண்டு மணி. அழைத்தேன், எடுக்கவில்லை. லண்டனில் அப்போது 1:30, அவள் வார்டில் இருந்தாள், போன் லாக்கரில். அரை மணி கழித்து, அவள் உண்மையாகவே இடைவேளையில் வந்து உட்காரும் நேரத்தில், என் வாட்ச் 2:30 காட்டியது, சரி முடிந்துவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்று போனை வைத்துவிட்டேன். இப்படியே மூன்று வாரம். கடைசியில் அவளே கேட்டாள், "ஏன்டா தினமும் நான் வேலையில் இருக்கும்போதே கூப்பிடுகிறாய்?" என்று. முள் கோணலாக எங்கோ நின்றிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். இந்தத் தவறு அழகாகக் கோடு மேல் வந்து நிற்கிறது, அதனால்தான் ஏமாந்தேன்.

காரணம் எனக்குப் புரிகிறது. 24 மணி முள் ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது, ஒரு மணிக்கு 15 டிகிரி. அது நிமிட முள்ளோடு பற்சக்கரத்தால் இணைந்திருக்கிறது, நிமிட முள் 12-க்கு வரும்போது இது ஏதாவது ஒரு மணிக் கோட்டில்தான் நிற்கும். நீங்கள் கிரௌனைத் திருப்பினால் முழு மணியாகத் தாவுமே தவிர நடுவில் நிற்காது. இந்திய நேரமோ உலகப் பொது நேரமான யூடிசியை விட 5:30 முன்னால் இருக்கிறது. லண்டன், சிங்கப்பூர், நியூயார்க், டோக்கியோ எல்லாமே யூடிசியிலிருந்து முழு மணிக் கணக்கில் இருப்பவை. ஆக இங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் வித்தியாசம் ஒரு அரையோடுதான் வரும். உங்கள் வாட்ச் எனக்குச் சரியாகக் காட்டக்கூடிய ஊர்கள் என்று பார்த்தால் யாங்கோன், காபூல், தெஹ்ரான், அடிலெய்டு மாதிரி சில, அவையும் நம்மைப் போல அரையில் இருப்பதால். அங்கே எனக்கு யாரும் இல்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. மார்ச் கடைசி ஞாயிறு பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள், வித்தியாசம் நாலரை ஆனது. அதுவரை அரை மணி முன்னே இருந்த என் 24 மணி முள், நான் தொடாமலேயே, அரை மணி பின்னே ஆகிவிட்டது. அதுவரை மனதில் அரை மணியைக் கழித்துக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து கூட்ட வேண்டியதாயிற்று. மனக்கணக்குப் போட எனக்கு வாட்சே வேண்டாமே.

உங்களுக்கு எழுதியபோது முதல் பதிலில், முள்ளை இரண்டு கோட்டுக்கு நடுவே நிறுத்தச் சொன்னீர்கள். நிமிட முள் 12-இல் இருக்கும்போது செய்து பார்த்தேன். கிரௌனை மெதுவாகத் திருப்பினால் முள் லேசாக நடுங்குகிறது, அப்புறம் டிக் என்று அடுத்த கோட்டுக்குப் போய்விடுகிறது. பதில் எழுதியவர் இந்த வாட்சைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். இரண்டாவது பதிலில் டயலைச் சுற்றியிருக்கும் வளையமான பெசலை அரை மணி திருப்பிக்கொள்ளச் சொன்னீர்கள். நல்ல யோசனை, பெசலில் 48 கிளிக் இருந்தால். உங்களுடையதில் 24 தான், நானே எண்ணினேன். ஒரு கிளிக் ஒரு மணி. நடுவில் பிடித்து வைத்தால் விரலை எடுத்ததும் ஏதோ ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது பதிலில், பயணிகளுக்கான விலை கூடிய மாடலுக்கு மாறச் சொன்னீர்கள், அதில் 24 மணி முள்ளுக்குப் பதிலாக உள்ளூர் மணி முள் தாவுமாம். ஆனால் அதுவும் முழு மணியாகத்தானே தாவும்? ஏப்ரலில் லண்டன் போய் இறங்கியபோது பிரதான நேரத்தையே மாற்றினேன், கிரௌனை இரண்டாவது படிக்கு இழுத்து, விநாடி முள்ளை நிறுத்தி, நிமிட முள்ளை அரைச் சுற்று நகர்த்தி. அந்த மாடலிலும் இதைச் செய்தே ஆகவேண்டும், ஏனென்றால் இரண்டு ஊருக்கும் நிமிடமே வேறு. அங்கே பகல் 3 மணிக்கு வீட்டில் 7:30, என் 24 மணி முள் காட்டியது 19 அல்லது 20, நான் எதில் வைக்கிறேனோ அது. அதிக விலை கொடுத்தால் இது தீரும் என்று விற்பவர்களே சொல்வது நியாயமா?

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் சர்வீஸ் மையத்தில் முட்களைக் கழற்றி, 24 மணி முள்ளை மட்டும் 7.5 டிகிரி, அதாவது அரை மணி தள்ளி மாட்டித் தாருங்கள். அப்போது நிமிட முள் 6-இல் இருக்கும்போது அது கோட்டில் நிற்கும், லண்டனோ சிங்கப்பூரோ எதுவானாலும் முழு மணித் தாவலிலேயே சரியாக வந்துவிடும், பயணத்தில் வீட்டு நேரத்துக்கும் அதேதான். வெளியே ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் செய்து தருகிறேன் என்றார், ஆனால் மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று உங்கள் அட்டையில் இருக்கிறது. ஆகவே நீங்களே செலவில்லாமல் செய்யுங்கள், முடியாதென்றால் 48 கிளிக் பெசல் போடுங்கள், அதுவும் முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். கூடவே, கையேட்டில் நீங்கள் கொடுத்திருக்கும் உதாரணங்கள் எல்லாமே முழு மணி ஊர்கள், அரை மணி மண்டலங்களுக்கு இந்த முள் பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்க அதிக மை செலவாகாது. நேபாளத்தில் 5:45, அவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கிறது.

முள்ளை மாற்றி மாட்டினாலும் உத்தரவாதம் தொடரும் என்று எழுத்தில் வந்த பிறகுதான் வாட்சை அனுப்புவேன். அதுவரை அக்காவை அழைக்க போனில் இருக்கும் உலகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்