கண்மாய்ச் சங்கிலிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்: செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர்களுக்கும், எங்கள் பகுதி ஊராட்சி ஒன்றிய, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலர்களுக்கும், மழை வந்தால் லாரியில் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு ஓடிவரும் அமைப்புகளுக்கும் வணக்கம்.

ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கண்மாய்கள் காய்ந்து கிடக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

செட்டிநாடு வறண்ட பூமி. எங்களுக்கு வெள்ளம் ஆற்றில் வருவது குறைவு. மணிமுத்தாறும் விரிசுழியாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். இங்கே வெள்ளம் வந்தால் கண்மாய் வழியாகத்தான் வரும். மேல்கண்மாய் நிறைந்து, மிகுநீர் வழியும் கலுங்கு பாய்ந்தால், அந்தத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக அடுத்த கண்மாய்க்கு இறங்கும். அது நிறைந்தால் அதற்கடுத்தது, பிறகு ஊருணி, கடைசியாக ஆறு, கடல். இந்தக் கண்மாய்ச் சங்கிலியில் தண்ணீர் இப்படி ஒரு கோடாகத்தான் நடக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகங்கள் அந்தக் கோட்டில் இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடம் இருக்கிறது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி பேரூராட்சியிடம். நடுவில் குறுக்கே போகும் தரைப்பாலம் நெடுஞ்சாலைத் துறையிடம். ஒரே தண்ணீர் மூன்று மைல் நடப்பதற்குள் நான்கு அலுவலகங்களைத் தாண்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முந்தைய மழையில் ஏற்கெனவே நிறைந்து நிற்கும் ஒரு கண்மாய், நீர்ப்பரப்பு 30 ஹெக்டேர், நீர்வரத்துப் பகுதி 4 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் இது ‘கனமழை’தான், ‘மிக கனமழை’கூட இல்லை. பெய்த தண்ணீர் மொத்தம் 4 லட்சம் கன மீட்டர். நிலம் முன்பே ஊறிக் கிடப்பதால் பாதி ஓடிவருகிறது என்றாலும் 2 லட்சம் கன மீட்டர் கண்மாய்க்குள் வந்துவிடும். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் இருபதாயிரம் லாரி. கலுங்கு 10 மீட்டர் நீளம், அதன்மேல் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் போகிறது என்றால் மணிக்கு ஏறக்குறைய 10,000 கன மீட்டர் வெளியேறும். அத்தனையும் வடிய 20 மணி நேரம் ஆகும். அதாவது விடியற்காலை மழை விட்ட பிறகும் அன்று இரவு வரை கீழே உள்ள ஊருக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மழை நின்றுவிட்டது என்று முகாமிலிருந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில்தான் கீழ்க்கண்மாய் ததும்பும்.

இது கலுங்கு சுத்தமாக இருந்தால். கார்த்திகை மாதம் எங்கள் கலுங்குகளைப் போய்ப் பாருங்கள். வரிசையாக நிற்கும் குத்துக்கற்களுக்கு நடுவே பலகை செருகி, அதன் பின்னால் மண்மூட்டை அடுக்கி, இடைவெளியில் வைக்கோலும் களிமண்ணும் திணித்திருக்கும். இன்னொரு முக்கால் அடி தண்ணீர் நின்றால் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் கிடைத்துவிடும் என்ற ஆசை. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பொய்த்த மழையைப் பலமுறை பார்த்த ஊர்க்காரர்கள் ஒரு சொட்டையும் விட மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன 2 லட்சம் கன மீட்டரும் அடைபட்ட கலுங்குக்குப் பின்னால் நின்றால் நீர்மட்டம் இரண்டடிக்கு மேல் ஏறும். கலுங்கு மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே இருப்பதே மூன்று நான்கு அடிதான். மாடு ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தில் அதுவும் இருக்காது. மூட்டை ஏற்கெனவே முக்கால் அடியைத் தின்றுவிட்டது. மிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள்.

அப்புறம் நடப்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நள்ளிரவில் மேலூரில் கரை கசிகிறது என்று கத்துகிறார்கள். ஊரே மண்வெட்டியோடு ஓடி மூட்டையைப் பிடுங்குகிறது. இல்லாவிட்டால் வேறு வழியில்லாமல் கரையையே ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. கீழூரில் எல்லாரும் தூங்குகிறார்கள், அவர்கள் கலுங்கிலும் மூட்டை அப்படியே இருக்கிறது. மேலூர் தப்பித்த தண்ணீர் கீழூர்க் கரையை உடைக்கிறது. மேலூர் ஒரு ஒன்றியம், கீழூர் வேறு ஒன்றியம் என்றால் போன் யாருக்குப் போக வேண்டும் என்பதே விடியும்வரை முடிவாகாது.

இதற்கு நான் கேட்பது ஒன்றுதான். பருவமழைக்கு முன்னால் நீங்கள் மண்டலக் குழுக்கள் போடுகிறீர்கள், வட்டம், பிர்க்கா எல்லையை வைத்து. அதோடு ஒவ்வொரு கண்மாய்ச் சங்கிலிக்கும், அது எத்தனை எல்லையைத் தாண்டினாலும், பெயர் சொல்லி ஒரே ஒரு பொறுப்பு அலுவலரைப் போடுங்கள். மேல்கண்மாய் யாருடையது, கீழ்க்கண்மாய் யாருடையது என்று பார்க்காமல் அந்தக் கோடு முழுவதிலும் கலுங்கு பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமையும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர்தான் தலைவர். துறைகளை ஒருங்கிணைப்பது அந்த ஆணையத்தின் வேலை. ஆக, புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் உத்தரவு போதும்.

அந்த அலுவலர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்றே, பகல் வெளிச்சத்தில், கலுங்குகளைத் திறந்துவிடுவது. அதைக் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும். முதலில் கடைசிக் கண்மாயின் மூட்டைகளை எடுக்க வேண்டும், பிறகு நடுக்கண்மாய், கடைசியில்தான் மேல்கண்மாய். மேலிருந்து தொடங்கினால் நாமே வெள்ளத்தை உண்டாக்கியவர்கள் ஆவோம். மடையைத் திறந்து கண்மாயை வடிக்கச் சொல்லவில்லை. கலுங்கின் பழைய மட்டத்துக்கு மேல் அடைத்ததை மட்டும் எடுத்தால், மழை பொய்த்தாலும் கண்மாய்க்கு உரிய தண்ணீர் கண்மாயிலேயே நிற்கும். இதை விவசாயிகளிடம் அக்டோபரிலேயே உட்கார்ந்து பேசி, கலுங்குச் சுவரில் பெயின்டால் கோடு போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். மழை இரவில் போலீஸோடு வந்து சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கரையைக் காவல் பார்க்க எங்கள் ஊர்களில் இன்னமும் ஆள் இருக்கிறது. நீர் பாய்ச்சுகிறவர்களுக்குக் கரையின் ஒவ்வொரு அடியும் தெரியும். கரையின் வெளிப்பக்க அடியில் ஊறிவரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அவர்கள் பதறமாட்டார்கள், பார்த்துக்கொண்டிருப்பார்கள். கலங்கிச் செம்மண்ணாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம், ஊரைக் கிளப்ப வேண்டிய நேரம். அந்தச் செய்தி ஊராட்சி செயலர், ஒன்றியம், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று ஏறி இறங்க நேரம் இல்லை. கரையில் நிற்பவர் சங்கிலியின் பொறுப்பு அலுவலரையும், கீழ்க்கண்மாயில் நிற்பவரையும் நேராகக் கூப்பிட வேண்டும். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கும் சொல்லட்டும், ஆனால் கீழூருக்குச் சொன்ன பிறகு. எங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற காலத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. நள்ளிரவில் கதவைத் தட்ட ஊருக்குள்ளேயே ஒரு தலைவர் இல்லாதபோது, அந்தக் கதவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

இனி நிவாரணம் கொண்டுவரும் நண்பர்களுக்கு. கலுங்கு பாய்ந்தால் தரைப்பாலம் மூழ்கும். இரண்டடி ஓட்டம் இருந்தால் காரையே இழுத்துப் போய்விடும். அப்போது ஊர் தன் வட்டத் தலைநகரிலிருந்து துண்டிக்கப்பட்டு, பக்கத்து வட்டத்திலிருந்துதான் போய்ச்சேர முடியும் என்ற நிலை வரும். தேவகோட்டைக்குக் கிழக்கே உள்ள ஊருக்குத் திருவாடானை பக்கமிருந்தும், எங்கள் வடக்கு எல்லை ஊருக்குத் திருமயம் பக்கமிருந்தும் போக வேண்டியிருக்கலாம். மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கும் சேர்த்து எழுதுவது இதனால்தான். எந்த ஊருக்கு எந்தப் பக்கம் வழி திறந்திருக்கிறது என்பது சங்கிலியின் பொறுப்பு அலுவலருக்குத்தான் தெரியும். லாரி கிளம்பும் முன் அவரைக் கேளுங்கள். கேட்காமல் வந்தால் தார்ச்சாலை ஓரத்து ஊர் மூன்று முறை சாம்பார் சாதம் வாங்கும், உள்ளே கிடக்கும் ஊர் ஒருமுறைகூட வாங்காது. அவரிடம் முகாம் பதிவேடு இருக்க வேண்டும். எத்தனை குடும்பம், கைக்குழந்தை எத்தனை, கர்ப்பிணிகள் எத்தனை, சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் எத்தனை என்று. நியாயவிலைக் கடையின் அட்டைப் பட்டியலை வைத்துத் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் முடியும். அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஏற்றினால் பழைய துணி மூட்டைக்குப் பதில் பால்பவுடரும் நாப்கினும் வந்துசேரும்.

முகாம் எங்கே என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம்தான் வழக்கம். ஆனால் பல ஊர்களில் பள்ளிக்கூடம் கண்மாய்ப் புறம்போக்கு ஓரத்தில் தாழ்வாக நிற்கிறது. அதே ஊரில் ஆளுயரத் திண்ணையோடு மேட்டில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. நகரத்தார் சங்கங்களும் வீட்டுப் பங்காளிகளும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டைத் திறந்துவிடச் சொல்லவில்லை. ஊருக்கு ஒரு விடுதி, ஒரு கல்யாண மண்டபம் போதும். ஒரு பங்காளி சென்னையிலும் ஒரு பங்காளி மலேசியாவிலும் இருக்கும்போது, மழை இரவில் காவல்காரர் யாரைக் கேட்டுச் சாவி கொடுப்பார்? சம்மதக் கடிதத்தை இப்போதே எழுதிச் சாவியின் நகலோடு பேரூராட்சி செயல் அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். சேதம் ஆனால் யார் சரிசெய்து கொடுப்பது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி அலுவலரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த அளவு மழைக்கு எந்த ஏற்பாடும் முழுசாக ஈடுகொடுக்காது, நான் சொல்வதும் கொடுக்காது. அப்படிப்பட்ட இரவில் செய்யக்கூடியது ஆட்களை மேட்டுக்குக் கொண்டுபோவது மட்டும்தான். ஆனால் எங்கள் பக்கம் அடிக்கடி வருவது பத்து, பதினைந்து சென்டிமீட்டர் மழை. அதில் உடையும் கரைகளில் பல, கீழூருக்கு நேரத்தில் சொல்லியிருந்தால் நின்றிருக்கும்.

எல்லாச் சங்கிலியையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்பது தெரியும். ஒன்றைத் தொடங்குங்கள். சாக்கோட்டை ஒன்றியத்திலோ கண்ணங்குடி ஒன்றியத்திலோ எல்லை தாண்டும் ஒரு சங்கிலியைத் தேர்ந்தெடுத்து, அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் மாலை ஒத்திகை பாருங்கள். மேல்கலுங்கில் ஒருவர் நின்று போன் செய்யட்டும். கடைசி ஊரில் தண்டோராவோ கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியோ எத்தனை நிமிடத்தில் ஒலிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். தேதி சொன்னால் எங்கள் பாசன விவசாயிகள் கலுங்குக்கு ஆள் அனுப்புகிறோம், மண்வெட்டியும் எங்களுடையது.

இப்படிக்கு,
ஒரு பாசன விவசாயி,
தேவகோட்டை வட்டம்