பட்டம் பெற்ற ஆண்டை வைத்து வடிகட்டாதீர்கள்: மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவருடைய நிறுவனத்தில் டெஸ்டிங் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். அனுபவம் தேவையில்லை, ஐஎஸ்டிக்யூபி சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை என்று போட்டிருந்தது. அந்தச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. ஆனால் பட்டம் பெற்ற ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் 2019-க்குக் கீழே இறங்கவில்லை. நான் 2003-இல் பி.எஸ்சி. முடித்தவன். போன் செய்து கேட்டேன். "இருக்கிறதுல பழைய வருஷத்தைப் போட்டுடுங்க சார்" என்றார்கள். போட்டிருந்தால் நாளை சான்றிதழ் சரிபார்ப்பில் பொய்த் தகவல் என்று நீங்களே என்னை வெளியே அனுப்புவீர்கள். நான் போடவில்லை. விண்ணப்பம் அந்தப் பக்கத்தோடு நின்றது.

எனக்கு 43 வயது. 2004 முதல் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு எங்கள் யூனிட்டில் ஆர்டர் குறைந்தது, வேலையும் போனது.

அடுத்து என்ன படிப்பது என்று ஒரு மாதம் யோசித்தேன். திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி தேர்வை எழுதச் சொன்னார்கள். அதற்கு விண்ணப்பிக்கவே திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவத்தை மாதக் கணக்கில் காட்ட வேண்டும். என் வேலையை அப்படி எழுதினால் உண்மையாகாது. வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் ஆறு மாதப் பயிற்சிக்குப் பணம் கட்டவும் மனம் வரவில்லை. ஐஎஸ்டிக்யூபி அடிப்படைத் தேர்வுக்கு முன் அனுபவம் கேட்பதில்லை, பாடத்திட்டமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 40 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தாய்மொழியில் எழுதாதவர்களுக்கு 60 நிமிடத்தோடு 15 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். இந்தச் சான்றிதழ் மட்டும் ஒருவரை டெஸ்டர் ஆக்கிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதைப் படிக்கும்போதுதான் 21 வருடம் நான் செய்த வேலைக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று புரிந்தது.

ஒரு டி-ஷர்ட்டின் மார்பு அகலம் 50 செ.மீ., ஒரு செ.மீ. வரை கூடலாம், குறையலாம் என்று வைத்துக்கொள்வோம். டேப்பை அரை செ.மீ. கணக்கில் படிப்போம். எனவே 49-ம் 51-ம் பாஸ், 48.5-ம் 51.5-ம் ஃபெயில். செக்கிங்குக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு இந்த நான்கு அளவுகளையும் காட்டித்தான் பழக்குவேன், ஏனென்றால் தவறு நடப்பது ஓரத்தில்தான். உங்கள் பாடத்தில் இதற்கு எல்லை மதிப்புச் சோதனை என்று பெயர். 3,000 பீஸ் லாட்டில் 125 பீஸ் எடுப்போம். லாட்டில் எவ்வளவு குறையை ஏற்கலாம் என்ற அளவான ஏக்யூஎல் 2.5 என்றால் மேஜர் குறை 7 வரை லாட் பாஸ், 8 வந்தால் ரிஜெக்ட். எந்தக் குறை மேஜர், எது மைனர், எதற்காகக் கப்பலையே நிறுத்த வேண்டும் என்று பையர் முன்னால் நின்று வாதாடியிருக்கிறேன். பக் ரிப்போர்ட்டில் நீங்கள் கேட்கும் தீவிரமும் அதேதான்.

என் ரெஸ்யூமேயில் இதை இரண்டு பத்தியாக எழுதியிருக்கிறேன். இடது பக்கம் துணியில் செய்தது, வலது பக்கம் ஒரு மாதிரிச் செயலிக்கு நான் எழுதிய டெஸ்ட் கேஸ்களும் பக் ரிப்போர்ட்டுகளும். 21 வருட டெஸ்டிங் அனுபவம் என்று எங்கேயும் எழுதவில்லை. மென்பொருளில் என் அனுபவம் பூஜ்யம் என்றே எழுதியிருக்கிறேன். ஆனால் உங்கள் படிவத்தில் 'தொடர்புடைய அனுபவம்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் பூஜ்யம் போட்டால் அந்த இரண்டு பத்தியையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வேறொரு நிறுவனத்தில் நேர்முகம் வரை போனேன். "உங்க டீம் லீடுக்கு 27 வயசு, ஒத்து வருமா?" என்று கேட்டார்கள். பையர் அனுப்பிய 25 வயது தரப் பரிசோதகர் என் லாட்டை ரிஜெக்ட் செய்து, நான் இரவெல்லாம் நின்று அதை மறுபடி செக் பண்ணி அனுப்பியிருக்கிறேன். அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு என்னிடம் டெஸ்டிங் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் கேட்ட சம்பளமும் தொடக்கநிலைச் சம்பளம்தான். அப்புறம் எதற்குத் தயக்கம்? அமெரிக்காவில் 40 வயது தாண்டியவர்களை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967-லேயே சட்டம் போட்டார்கள். இங்கே தனியார் வேலைக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை, அதனால்தான் இந்தப் பட்டியல் 2019-இல் நிற்க முடிகிறது. கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள்.

நான் கேட்பது சலுகை இல்லை. தொடக்கநிலை டெஸ்டிங் வேலைக்குப் பட்டம் பெற்ற ஆண்டை வைத்து வடிகட்டாதீர்கள். 'பிற துறை அனுபவம்' என்று இன்னொரு கட்டம் சேருங்கள். ஒரு திரையைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் டெஸ்ட் கேஸ் எழுதச் சொல்லுங்கள். 22 வயதுக்காரருக்கும் எனக்கும் அதே திரை, அதே அரை மணி நேரம். அதில் நான் தோற்றால் தயங்காமல் அனுப்பிவிடுங்கள். அந்த ஆண்டுப் பட்டியலை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு விண்ணப்பதாரர்