வயலோரத் தடுப்புச் சுவர்: மூடும் முன் எண்ணிப் பாருங்கள்

எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர், உறுப்பினர்கள், ஒன்றியப் பொறியாளர் ஆகியோருக்கு வணக்கம்.

சேரன்மகாதேவி பக்கத்தில் முப்பது ஆண்டுகள் கொத்தனாராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கீழத்தெருவுக்கும் வயலுக்கும் இடையே 30 மீட்டர் நீளத்தில் நீங்கள் எழுப்பப்போகும் கருங்கல் சுவர், வயல் மட்டத்திலிருந்து 1.8 மீட்டர் உயரம் நிற்கப்போகிறது. அதே இடத்தில் முன்பிருந்த சுவர் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் வயல் பக்கம் சாய்ந்தது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது, சுவர் முகத்தில் குழாய் வாய்கள் வரிசையாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு கம்பியை உள்ளே விட்டால் அரை அடியிலேயே கல்லில் இடித்தது. முகத்தில் மட்டும் துண்டுக் குழாயைச் செருகிவிட்டு, பின்னால் மண்ணையே கொட்டி மூடியிருந்தார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் கல் இணைப்புகளின் வழியே கசிந்துகொண்டிருந்தது.

சுவரின் முழு உயரத்துக்கும் பின்னால் தண்ணீர் தேங்கினால், அது மட்டுமே ஒரு மீட்டர் நீளச் சுவரை ஏறத்தாழ 1.6 டன் விசையோடு தள்ளும்; மண்ணின் அழுத்தம் இதற்குமேல் தனி. வீப் ஹோல் என்னும் வடிகுழாயும் அதன் பின்னே உள்ள வடிகட்டி அடுக்கும் இந்தத் தண்ணீரை நிற்க விடாமல் வெளியேற்றுவதற்காகவே இருக்கின்றன.

முதலில் குழாய்களை எண்ணுவோம். நெடுஞ்சாலைப் பணிகளுக்கான வரையறைப்படி, இரு திசையிலும் 1 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கீழ்வரிசை தரைமட்டத்துக்கு 15 செ.மீ. மேலே இருக்க வேண்டும். குழாய் வெளிப்பக்கம் 20-க்கு 1 என்ற அளவில் சரிய வேண்டும். ஆகவே நம் சுவருக்கு 0.15 மீட்டரிலும் 1.15 மீட்டரிலும் இரண்டு வரிசைகள் போதும். கீழ்வரிசையை முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்கினால் 30 குழாய்கள் வரும். மேல்வரிசை கீழே உள்ளவற்றின் இடைவெளிக்கு நேராக வர வேண்டும் என்பதால் 1, 2, 3 என்று 29 மீட்டர் வரை 29 குழாய்கள். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது: 10, 20 மீட்டர்களில் சுவரின் விரிவு இணைப்பு வருகிறது, இணைப்பின் நடுவே குழாய் வைக்க முடியாது. அந்த இரண்டு இடங்களிலும் ஒரு குழாய்க்குப் பதிலாக இணைப்பின் இருபுறமும் 20 செ.மீ. தள்ளி ஒவ்வொன்றாக வைத்தால் மேல்வரிசை 31 ஆகும். மொத்தம் 61.

சுவர் அடியில் அகன்று மேலே குறுகுவதால் ஒரே நீளத்தில் வெட்டக் கூடாது. வரைபடத்தில் உள்ள தடிமனுக்கும், முகத்தில் 5 செ.மீ. நீட்டலுக்கும் சேர்த்துக் கீழ்க்குழாய் 1 மீட்டர், மேல்குழாய் 70 செ.மீ. வேண்டும். ஆறு மீட்டர் நீளமுள்ள 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் முன்னதுக்கு ஐந்து, பின்னதுக்கு நான்கு, ஆக ஒன்பது நீளங்கள் வாங்கினால் போதும்.

இனி கல். வடிகட்டி அடுக்கு 60 செ.மீ. தடிமன் வேண்டும். சுவரின் உச்சியில் 30 செ.மீ. களிமண்ணால் இறுக்கி மூட வேண்டும். இல்லையேல் தெருத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். கீழ்க்குழாயின் அடிவரைக்கும் உள்ள 10 செ.மீ.யையும் இறுகிய மண்ணாலோ கான்கிரீட்டாலோ நிரப்ப வேண்டும். எஞ்சும் உயரம் 1.4 மீட்டர். 30 × 0.6 × 1.4 = 25.2 கன மீட்டர். பின்முகம் சரிவாக இருந்தாலும் அடுக்கு அதற்கு இணையாகவே எழும்புவதால் கணக்கு மாறாது. கொட்டிய கல் அமர்ந்து குறைவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 27.7 கன மீட்டர். நூறு கன அடி யூனிட்டில் சொன்னால் ஏறத்தாழ 9.8. பத்து யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பத்து யூனிட்டும் ஒரே ஜல்லியாக வந்தால் அடுக்கு பயன்படாது. சுவரை ஒட்டி ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் முக்கால் அங்குல ஜல்லி, மண்ணை ஒட்டிப் பருமணல் என்று ஒவ்வொன்றும் 20 செ.மீ. வேண்டும், வகைக்கு ஏறத்தாழ மூன்றேகால் யூனிட். வெறும் பெரிய ஜல்லி என்றால் மண் அதன் இடுக்குகளில் புகுந்து குழாய் வழியே வெளியேறும். குழாயில் கலங்கல் தண்ணீர் விடாமல் வருவதும், தெருவில் பள்ளம் விழுவதும் அதற்கு அடையாளம். இவற்றுக்கு இடையே தகரத்தை நிறுத்தி ஓரடி ஓரடியாக மூன்றையும் சேர்ந்தே எழுப்பினால் கலக்காது. ஒன்றரை ஜல்லியும் 110 மி.மீ. குழாய்க்குள் உருண்டுவிடும் என்பதால், குழாயின் உள்வாயைச் சுற்றிக் கையளவுக் கருங்கல்லை அடுக்கியபின்தான் ஜல்லி கொட்ட வேண்டும். வேலை நடக்கும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

என் வேண்டுகோள் இதுவே. ஜல்லியையும் மணலையும் இறங்கும் அன்றே குவியலில் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுங்கள். மூடிய பின் அதை அளக்க வழியில்லை. மண் தள்ளுவதற்கு முந்தைய நாள், பொறியாளரும் வார்டு உறுப்பினரும் வந்து 61 குழாயிலும் ஒரு கம்பியை விட்டு, அது மறுபக்கம் எட்டுகிறதா என்று பார்த்தபின் மூட உத்தரவிடுங்கள். கம்பியோடு நானும் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
கீழத்தெருவாசி ஒருவன்