சேவியருக்கு ஒரு கடிதம்: பைபிளில் எது சேர்ந்தது, எது நின்றது

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்கு நாகர்கோவிலிலேயே மாற்றல் கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். என் மூட்டுவலி மட்டும் மழைக்காலம் வந்தால் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. இந்த முறை உட்கார்ந்தே எழுத வேண்டிய விஷயத்தை நீயே அனுப்பிவிட்டாய், அதனால் பரவாயில்லை.

உன் மருமகன் பார்த்த வீடியோவைப் பற்றி எழுதியிருந்தாயே, 325-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயாவில் பிஷப்மார்களைக் கூட்டி, ஓட்டுப்போட்டு பைபிளில் எந்தெந்தப் புத்தகம் இருக்கலாம் என்று முடிவு செய்தார் என்று. அதைக் கேட்டு அவர் கலங்கிப்போயிருக்கிறார் என்றால் முதலில் இதைச் சொல். நிசேயா சங்கம் நடந்தது உண்மை. அது வெளியிட்ட இருபது விதிகள் இன்றும் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட எந்தப் புத்தகம் வேதம், எது வேதம் இல்லை என்பதைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒன்பதாம் நூற்றாண்டின் கிரேக்க நூல் ஒன்றில் வருகிறது. எல்லாப் புத்தகங்களையும் பலிபீடத்தருகே வைத்து ஜெபித்தார்களாம், போலியானவை கீழே போய்விட்டனவாம். சங்கம் நடந்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதிய கதை அது. பின்னால் வால்டேர் அதை எடுத்துக் கிண்டல் செய்தபோது ஊரெல்லாம் பரவியது. கான்ஸ்டன்டைன் செய்தது வேறு. தன் புதிய தலைநகரத்துச் சபைகளுக்கென்று நல்ல தோலில் ஐம்பது வேதப் பிரதிகள் எழுதித் தரும்படி செசரியாவின் பிஷப் யுசேபியஸிடம் கேட்டார். அந்தப் பிரதிகளில் என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்று யுசேபியஸ் சொல்லவில்லை.

அப்படியானால் யார் முடிவு செய்தது? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், அது போதும் என்று நினைக்கிறேன்.

சுமார் 200-ஆம் ஆண்டு. அந்தியோக்கியாவில் செராப்பியோன் என்றொரு பிஷப். அவருடைய பொறுப்பில் ரோசஸ் என்ற கடலோரச் சிற்றூர் இருந்தது, இன்றைய துருக்கியின் தென்கோடியில். அங்கே போனபோது சபைக்குள் ஒரு சச்சரவு. பேதுருவின் பெயரில் ஒரு சுவிசேஷத்தைச் சிலர் வாசிக்கிறார்கள், சிலருக்குப் பிடிக்கவில்லை. செராப்பியோன் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. "சண்டைக்குக் காரணம் இது ஒன்றுதான் என்றால் வாசித்துவிட்டுப் போங்கள்" என்கிற மாதிரி அனுமதி கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்பதைக் கவனி. அந்தக் காலத்தில் ஒரு பிஷப்பின் முதல் எண்ணம் தடை செய்வது அல்ல.

அப்புறம் ஊரிலிருந்து செய்தி வருகிறது, அதை வாசிக்கிறவர்கள் வேறு போதனைப் பக்கம் சாய்கிறார்கள் என்று. இயேசுவுக்கு உண்மையான மனித உடல் இருந்ததில்லை, இருப்பதுபோல் தோன்றியது மட்டும்தான் என்று ஒரு கூட்டம் அப்போது போதித்துக்கொண்டிருந்தது. செராப்பியோன் அந்தக் கூட்டத்தாரிடமிருந்தே ஒரு பிரதியை வாங்கி, உட்கார்ந்து முழுதும் படித்தார். படித்துவிட்டு அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. பெரும்பகுதி சரியான போதனைக்கு ஒத்துப்போகிறது, சில இடங்கள் மட்டும் பின்னால் சேர்த்தவை என்று சொல்லி, அந்த இடங்களைப் பட்டியல் போட்டு ரோசஸ் சபைக்கு அனுப்பினார். இன்னொன்றும் சொன்னார்: பேதுருவையும் மற்ற அப்போஸ்தலர்களையும் கிறிஸ்துவைப்போலவே ஏற்கிறோம், ஆனால் அவர்கள் பெயரைப் போட்டு வருகிற எழுத்துகளை ஏற்கமாட்டோம், ஏனென்றால் அப்படிப்பட்டவை எங்கள் முன்னோர் வழியாக எங்களிடம் வந்ததில்லை. பெயர் யாருடையது, போதனை என்ன, நமக்கு யார் வழியாக வந்தது. மூன்றும் ஒரே கடிதத்தில் வந்துவிடுகின்றன. யாரும் ஓட்டுப்போடவில்லை.

செராப்பியோன் போட்ட பட்டியல் நம் கைக்கு வரவில்லை. யுசேபியஸ் தன் சபை வரலாற்றில் எடுத்துக் காட்டிய பகுதி மட்டும்தான் மிச்சம். ஆனால் 1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீம் என்ற ஊரில் ஒரு துறவியின் கல்லறையைத் தோண்டியபோது தோலில் எழுதிய சிறு புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் பேதுருவே பேசுவதுபோல் எழுதிய, இயேசு சிலுவையில் பட்ட பாடுகளின் கதை இருந்தது, தலையும் வாலும் இல்லாமல். பெரும்பாலான அறிஞர்கள் இதைத்தான் ரோசஸில் வாசித்த புத்தகம் என்று கருதுகிறார்கள். அதில் இயேசு சிலுவையில் வலியே இல்லாதவர்போல் மௌனமாக இருக்கிறார். செராப்பியோன் எங்கே கோடு போட்டிருப்பார் என்று இந்த இடத்தைப் படிக்கும்போதே ஊகிக்கலாம். உயிர்த்தெழுதல் காட்சியோ இன்னும் விநோதம். கல்லறையிலிருந்து மூன்று பேர் வெளியே வருகிறார்கள், இருவரின் தலை வானத்தைத் தொடுகிறது, மூன்றாமவரின் தலை வானத்தையும் தாண்டிப்போகிறது, பின்னாலேயே சிலுவை நடந்து வருகிறது. வானத்திலிருந்து ஒரு குரல், "தூங்குகிறவர்களுக்குப் பிரசங்கித்தாயா?" என்று கேட்கிறது. "ஆம்" என்று பதில் சொல்வது சிலுவை! மாற்குவின் சுவிசேஷத்தில் பெண்கள் பயந்து ஓடுவதோடு காட்சி நிற்பதையும் இதையும் அடுத்தடுத்துப் படித்துப் பார். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது வெளியே நின்ற புத்தகம். உள்ளே வந்த புத்தகத்தின் கதை இதைவிடச் சுவாரஸ்யம். புரொட்டஸ்டண்டுகளான நாங்கள் வெளிப்படுத்தின விசேஷம் என்போம், கத்தோலிக்கரான நீங்கள் திருவெளிப்பாடு என்பீர்கள்.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் எகிப்தின் அர்சினோவே பகுதியில் நேப்போஸ் என்ற பிஷப் ஒரு நூல் எழுதினார். கிறிஸ்து பூமியில் ஆயிரம் வருஷம் அரசாளுவார் என்று அந்தப் புத்தகத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். அவர் இறந்த பின் கிராமம் கிராமமாகச் சபைகள் பிளந்தன. அலெக்சாந்திரியாவின் பிஷப் தியோனீசியஸ் நேரில் போய், மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டி, மூன்று நாள் காலையிலிருந்து மாலைவரை அந்த நூலை வைத்து வாதாடினார். அந்தக் கிராமத்து மனிதர்கள் கேட்ட கேள்விகளையும், தவறென்று தெரிந்ததை விட்டுக்கொடுத்ததையும் அவர் மனதார மெச்சி எழுதியிருக்கிறார். கடைசியில் அவர்களுடைய தலைவர் கொராக்கியோனே இனி இதைப் போதிக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

இந்த நிலையில் வெளிப்படுத்தின விசேஷத்தையே தள்ளிவிடுவது தியோனீசியஸுக்கு எளிது. அவருக்கு முன்பே சிலர் அதிகாரம் அதிகாரமாக மறுத்து, இதை எழுதியவர் கெரிந்து என்ற கள்ளப்போதகர் என்றுகூடச் சொல்லியிருந்தார்கள். தியோனீசியஸ் அதைச் செய்யவில்லை. பல சகோதரர்கள் இதை மதிக்கிறார்கள், எனக்குப் புரியாததால் நான் தள்ளமாட்டேன் என்றார். அதே மூச்சில், இதை எழுதியவர் யோவான்தான், ஆனால் செபெதேயுவின் மகனான அப்போஸ்தலன் யோவான் அல்ல என்றும் வாதாடினார். காரணங்களைப் பார்: யோவானின் சுவிசேஷத்திலும் நிருபத்திலும் எழுதியவர் தன் பெயரைச் சொல்வதே இல்லை, இதிலோ திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஜீவன், ஒளி, சத்தியம் என்று அவை இரண்டும் சுற்றிச்சுற்றி வரும் சொற்கள் இதில் அப்படி வருவதில்லை. அவற்றின் கிரேக்கம் பிழையற்றது, இதன் கிரேக்கம் தடுமாறுகிறது. எபேசுவில் யோவான் பெயரில் இரண்டு கல்லறைகள் உண்டு என்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். இன்றைய பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் இதே வழியில்தான் வாதாடுகிறார்கள்.

சுமார் அறுபது வருஷம் கழித்து யுசேபியஸ் பட்டியல் போட உட்கார்ந்தபோது இந்தப் புத்தகம் அவரைத் திண்டாட வைத்தது. எல்லோரும் ஏற்பவை, சிலர் மறுப்பவை, போலியானவை என்று பிரிக்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தை ஏற்பவற்றின் வரிசையில் "சரியென்று பட்டால்" என்று போடுகிறார். கொஞ்சம் கீழே வந்து, போலியானவற்றின் வரிசையிலும் அதே "சரியென்று பட்டால்" போட்டுவைக்கிறார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். ஆனால் ஒன்று, அவர் பொய் சொல்லவில்லை. சபைகளின் நிலைமை அப்போது அப்படித்தான் இருந்தது.

இப்போது நம்மிடம் இருக்கும் அதே 27 புத்தகங்களை, கூட்டாமல் குறைக்காமல், முதலில் எழுத்தில் தருவது 367-இல் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ் எழுதிய ஈஸ்டர் கடிதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் ஒரு பிஷப் தன் பகுதிக்கு எழுதிய கடிதம்தான், உலகத்துக்குப் போட்ட சட்டம் இல்லை. அதே நான்காம் நூற்றாண்டில் எழுதிய சீனாய் பிரதி என்ற கிரேக்க பைபிளில் வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பின்னால், அந்த 27-இல் இல்லாத பர்னபாவின் நிருபமும் எர்மாவின் மேய்ப்பனும் இருக்கின்றன.

உன் மருமகனுக்குக் கடைசியாக ஒன்று சொல், அவர் வேலை பார்ப்பது கேரளத்தில் அல்லவா. சீரியக் கிறிஸ்தவர்களின் பழைய பைபிளான பெஷித்தாவில் புதிய ஏற்பாட்டில் 22 புத்தகங்கள்தான். இரண்டாம் பேதுரு, இரண்டாம் மூன்றாம் யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஐந்தும் இல்லை. மேற்குச் சீரியர்கள் 508 வாக்கில் வேறொரு மொழிபெயர்ப்பில் அவற்றைச் சேர்த்தார்கள். கிழக்குச் சபை சேர்க்கவில்லை, அதனோடு உறவில் இருந்த மலபாரின் தோமா கிறிஸ்தவர்களிடமும் அந்த 22தான் புழங்கியது. 1599-இல் கோவாவின் பேராயர் மெனேசிஸ் கொச்சிக்குப் பக்கத்தில் உதயம்பேரூரில் சங்கம் கூட்டினாரே, அதில் இவை விடுபட்டிருக்கின்றன, சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நிசேயாவில் நடந்ததாக அந்த வீடியோ சொல்வதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் ஒன்று, 1274 வருஷம் கழித்து, அவர் பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய ஊரில் நடந்திருக்கிறது.

உங்கள் பைபிளின் 73 புத்தகங்களுக்கும் எங்கள் 66-க்கும் உள்ள வித்தியாசம் பழைய ஏற்பாட்டுச் சமாச்சாரம். அதை ஆரம்பித்தால் இந்தக் கடிதம் இன்று தபாலுக்குப் போகாது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன்னோடு நேரிலேயே சண்டை போடுகிறேன். தோபித்து புத்தகத்தில் அந்த நாய் எதற்கு வருகிறது என்று மட்டும் அதற்குள் யோசித்துவை.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்,
தேவசகாயம்
பாளையங்கோட்டை