லேயரை எண்ணாதே, எடையைக் கேள்

அன்புள்ள முருகேசா,

நீ அனுப்பிய இரண்டு விலைப்பட்டியலையும் பார்த்தேன். இரண்டுமே 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். ஒன்று ஐந்து லேயர், 24 கிலோ. மற்றது மூன்று லேயர், 31 கிலோ. மூன்று லேயர் டேங்கையே வாங்கு.

காரணம் எளிது. உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது எடை குறைகிறது என்றால் சுவர் மெலிந்திருக்கிறது. அந்த 24 கிலோவைத்தான் ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் எடையோடு நிற்காதே. பக்கத்தில் பழைய இரும்புக்கடைத் தராசு இருந்தால் ஏற்றிப் பார்த்துவிடு.

லேயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வெளியே இருப்பது வெயிலைத் தாங்க, நடுவில் கறுப்பு வெளிச்சத்தை மறைக்க, உள்ளே வெள்ளை தண்ணீரைத் தொட. நுரை லேயர் இருந்தால் சூடு கொஞ்சம் குறையும், ஆனால் அது சுவருக்குப் பெரிய பலம் தராது. கறுப்பு லேயர் சரியில்லை என்றால் வெளிச்சம் உள்ளே கசிந்து பாசி பிடிக்கும். சோதிப்பது இப்படி: மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு, வெளியிலிருந்து ஒருவரை செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி நகர்த்தச் சொல். எங்காவது மங்கலாக ஒளி தெரிந்தால் அந்த டேங்க் வேண்டாம். மூக்கையும் பயன்படுத்து. உள்ளே காட்டமான பிளாஸ்டிக் வாடை அடித்தால் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்திருக்கலாம், அதுவும் வேண்டாம்.

வெயில் தின்ற டேங்கை உன் மொட்டை மாடியிலேயே பார்க்கலாம். பழைய டேங்கின் மேற்குப் பக்கத்தை உள்ளங்கையால் தேய். சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டினால் மேல்பரப்பு சிதையத் தொடங்கிவிட்டது. அடுத்து மயிரிழை விரிசல்கள் வரும். அதனால்தான் வெயில் தடுப்பு மருந்து கலந்த பிளாஸ்டிக்கா என்று கேட்க வேண்டும். டேங்கின் மேல் IS 12701 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பார்.

ஸ்டீல் டேங்க் பற்றிக் கேட்டிருந்தாய். உங்கள் போர் தண்ணீர் உப்பு. 304 ரகத்தில் வெல்டிங் ஓரமாகப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வேண்டாம்.

கேரண்டி அட்டையில் வருடத்தை மட்டும் படிக்காதே. "விகிதப்படி" என்ற சொல்லைத் தேடு. 10 வருடக் கேரண்டியில் அப்படி இருந்தால், ஐந்தாம் வருடம் உடையும்போது பாதி விலையை நீதான் கொடுக்க வேண்டிவரும். இறக்கி ஏற்றும் கூலி பெரும்பாலும் அதில் சேராது. அடிப்பாகம் முழுவதும் சமதளத்தில் உட்காரவில்லை என்றாலும் கேரண்டியை மறுப்பார்கள், அது நியாயம்தான். நிரம்பினால் ஒரு டன் கனம். இரண்டு வரிசை செங்கல் மேல் வைத்தால் நடுவில் தொய்ந்து விரிசல் விடும். டேங்கின் அடியைவிடச் சற்று அகலமாக கான்கிரீட் மேடை போடச் சொல். அவுட்லெட் குழாயின் கனம் டேங்கில் தொங்காதபடி பிளம்பரிடம் சுவரில் கிளாம்ப் அடிக்கச் சொல்.

பில்லில் டேங்கின் சீரியல் எண்ணை எழுதி வாங்கு. கேரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இல்லாமல் வண்டியில் ஏற்றாதே.

அன்புடன்,
சேகர்