கடைசியாகச் சொன்ன எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ படிக்கும் என் பேரனின் பள்ளியில் சென்ற திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஓர் அறிவிப்புச் செய்தார். அதுவரை 9.30க்குத் தொடங்கிய திருப்புதல் தேர்வு, இனிப் பொதுத்தேர்வு நேரப்படி நடக்கும். 10 மணிக்கு வினாத்தாள் தரப்படும், பத்து நிமிடம் படிக்கலாம். அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க. 10.15 முதல் 1.15 வரை எழுதலாம். எல்லோரும் 9.15க்குள் வளாகத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அவர் சொன்னார். ஆனால் தொடக்கத்திலேயே, ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டிருந்தபோது.

கடைசி வரிசையில் நின்ற பேரன் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே எண்: "தாத்தா, பரீட்சை பத்தேகாலுக்கு." வழக்கமாகப் போகும் 8.20 பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் சாவகாசமாகப் போனான். பள்ளி வாசலை அடைந்தபோது 10.05. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்து அறைக்குள் போகையில் மற்றவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று கணிதம். அதில் மூன்று மதிப்பெண் வினாக்கள் பத்து. ஏழு எழுதினால் போதும், ஆனால் 40ஆவது வினா கட்டாயம். எவற்றை எழுதுவது, எவற்றை விடுவது என்று குறித்துக்கொள்ளத்தான் அந்தப் பத்து நிமிடம். அதை இழந்தவன் 31 முதல் 37 வரை வரிசையாக எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டான். ஏழில் ஆறுதான் கணக்கில் சேரும். அவனுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு அந்த 40ஆவது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கவனமாகக் கேட்காதது அவன் தவறு, மறுக்கவில்லை. ஆனால் நானும் முப்பது ஆண்டு கணித ஆசிரியராக இருந்து, பல தேர்வு அறைகளைக் கண்காணித்தவன். தாமதமாக ஓடிவரும் பிள்ளைகளில் சோம்பேறிகளைவிட நேரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். ஐந்து நேரங்களை ஒரே மூச்சில் சொன்னால், 'எழுதத் தொடங்கும் நேரம்'தான் பிள்ளைகளின் மனத்தில் தங்கும். வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை முடிவு செய்வதோ வாசல் நேரம். அதை முதலிலும் முடிவிலும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு மாணவனை எழுப்பித் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். 9.15க்கும் 10க்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதையும் விளக்கலாம். அறை எண் பார்ப்பது, பையையும் கைபேசியையும் வெளியே வைப்பது, இருக்கையைத் தேடுவது என்று அந்த முக்கால் மணி நேரம் எப்படிக் கரைகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் அதை வீண் காத்திருப்பாக நினைக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் தலைமையாசிரியையிடம் நேரில் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். மறுநாள் வாசல் கரும்பலகையில் '9.15' என்று மட்டும் முழ உயரத்துக்கு எழுதியிருந்தது. மற்ற நேரங்கள் அதன் கீழே, சிறிய எழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.