‘தாமதம் ஏற்பட்டுள்ளது’ என்று எழுதும் கூரியர் கம்பனிக்கு

கூரியர் கம்பனி முகாமையாளர்களுக்கு,

புதுக்குடியிருப்பில் பம்ப் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் இருக்கிற புதுக்குடியிருப்பு. இதை முதலிலேயே சொல்லக் காரணம், மட்டக்களப்பிலும் ஒரு புதுக்குடியிருப்பு இருக்கிறது, போன மாதம் எனக்கு வரவேண்டிய பம்ப் சீல் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. பார்சலில் முல்லைத்தீவு என்று எழுதியிருந்தது. உங்கள் கணினியிலோ ‘வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’. என் போன் மேசையில்தான் கிடந்தது. மூன்றாம் நாள் உங்கள் தம்பி ஒருவர் எனக்குக் கோல் எடுத்து, “அண்ணை, கடை பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவா?” என்று கேட்டு, இரண்டு பேரும் வேறு வேறு ஊரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று விளங்க ஐந்து நிமிடம் பிடித்தது.

அடுத்த நாள் உங்கள் குறுந்தகவல் வந்தது:

“அன்பான வாடிக்கையாளரே, தவிர்க்க முடியாத காரணங்களினால் தங்கள் பொதி விநியோகத்தில் தாமதம் ஏற்பட்டுள்ளது. இதனால் ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம்.”

இதில் ‘நாங்கள்’ எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கடைசிச் சொல்லில் மட்டும், அதுவும் வருந்துவதற்கு. தாமதம் மழை மாதிரித் தானாக ‘ஏற்பட்டிருக்கிறது’. ‘ஏற்பட்டது’ என்று எழுதும் இடத்தில் ‘ஏற்படுத்திவிட்டோம்’ என்று எழுதிப் பாருங்கள், உடனே செய்தது யார் என்ற கேள்வி வந்துவிடும். மாவட்டத்தைப் பார்க்காமல் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துப் பிரித்தது தவிர்க்க முடியாத காரணமும் இல்லை, ஒரு ஆள் ஒரு வரி கீழே பார்த்திருந்தால் தவிர்ந்திருக்கும். ‘ஏற்பட்டிருப்பின்’ என்பதுதான் எனக்கு ஆகவும் எரிச்சல். சீல் போன பம்ப் தண்ணீரை இழுக்காமல் கசியவிட்டுக்கொண்டு நின்றது, அந்தச் சீலுக்காகக் காத்திருந்த ஒரு அக்காவின் கச்சான் பூத்து விழுது இறங்குகிற நேரம், மண் காய்ந்தால் விழுது உள்ளே போகாது. ஏற்பட்டதா இல்லையா என்று சந்தேகப்பட அதில் ஒன்றும் இல்லை. வருந்துகிறோம் என்பதும் மரண அறிவித்தலில் எல்லோரும் போடுகிற சொல், பிழை விட்டவர் சொல்வது ‘மன்னியுங்கள்’.

அந்த அக்காவிடம் நானும் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. கூரியர்காரன் பிழை என்று தொடங்கினேன், அவ பாதியிலேயே மறித்து “அது சரி, எப்ப வரும்?” என்றா. அந்தக் கேள்விக்குத்தான் உங்கள் தகவலில் பதில் இல்லை.

நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

“உங்கள் பார்சலை மாறி மட்டக்களப்புப் புதுக்குடியிருப்புக்கு அனுப்பிவிட்டோம். விலாசம் சரி, மாவட்டத்தைப் பார்க்காதது எங்கள் பிழை. மன்னியுங்கள். வியாழன் பிற்பகல் 2 மணிக்கு முன் கடைக்குக் கொண்டுவந்து தருவோம், கூரியர் காசு 450 ரூபாவையும் திருப்பித் தருவோம். இன்று முதல் இந்த ஊர்ப்பெயரில் வரும் பொதிகளை மாவட்டம் பார்த்தே பிரிக்கிறோம்.”

கடைசி வரியை உண்மையிலேயே அப்படிப் பிரிக்கத் தொடங்கிய பிறகுதான் போடவேண்டும். ‘இனி ஒருபோதும் நடக்காது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அடுத்த மாதம் நடந்தால் முதல் மன்னிப்பும் பொய்யாகிவிடும். காரணம் இன்னும் தெரியாவிட்டால், தெரியாது, நாளை மாலைக்குள் சொல்கிறோம் என்று எழுதுங்கள், சொன்ன நேரத்துக்குக் கோல் எடுங்கள். வியாழன் முடியாது என்றால் வெள்ளி என்று போடுங்கள், நான் கிளிநொச்சிக்குப் போய் வேறு சீல் வாங்குவதா என்று முடிவெடுக்கலாம்.

நீளம் என்று சொல்வீர்கள், தெரியும். தனியாகப் போகும் குறுந்தகவல் ஒன்றில் ஆங்கிலம் 160 எழுத்து பிடிக்கும், தமிழ் 70தான், அதிலும் ‘கொ’ மாதிரி எழுத்துகள் இரண்டாக எண்ணப்படும். நான் எழுதியது பல துண்டாகத்தான் போகும், காசும் கூடும். ஆனால் ‘அன்பான வாடிக்கையாளரே, தவிர்க்க முடியாத காரணங்களினால்’ என்பதற்கே 50க்கு மேல் போய்விடுகிறதே. அதை வெட்டினால் பார்சல் எங்கே போனது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம், போன் திரையில் முதலில் தெரிவதும் அதுதான்.

அப்புறம் ஒன்று. இப்போது நான் விலாசத்தில் முல்லைத்தீவு என்பதைச் சிவப்புப் பேனையால் எழுதச் சொல்கிறேன். அது என் கவனத்துக்கு. அதைப் பார்த்துவிட்டு, உங்கள் அடுத்த மன்னிப்பில் ‘வாடிக்கையாளர்கள் விலாசத்தைத் தெளிவாக எழுதவும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
முல்லைத்தீவுப் புதுக்குடியிருப்பு பம்ப் கடைக்காரன்